சாம்பிள் பிளவுஸ் போட்டோ பார்த்தேன் அக்கா

வணக்கம் அக்கா. சாம்பிள் பிளவுஸைப் போட்டு நீங்கள் அனுப்பிய போட்டோ காலையிலேயே வந்தது. கடையில் ஆள் இருந்ததால் உடனே பதில் போட முடியவில்லை. இப்போதுதான் நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கழுத்து ஷேப்பும் கை நீளமும் நீங்கள் கேட்டபடியே வந்திருக்கின்றன. கை முழங்கைக்குச் சற்று மேலே நிற்கிறது. பட்டுச் சேலையின் பார்டர் அங்கே நன்றாக உட்காரும், அதை அப்படியே விட்டுவிடலாம்.

"மார்பு பக்கம் டைட்டா இருக்கு, ரெண்டு சைடும் பிரிச்சு விட்டா போதும்" என்று எழுதியிருந்தீர்கள். டைட் இருப்பது போட்டோவிலும் தெரிகிறது. இரண்டாவது ஹூக்குக்கும் மூன்றாவது ஹூக்குக்கும் நடுவில் ஹூக் பட்டி லேசாக விலகுகிறது, அங்கிருந்து அக்குள் வரைக்கும் துணி இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் சைடு மட்டும் பிரித்தால் இது சரியாகாது என்று நினைக்கிறேன். முன்பக்க உயரம்தான் பத்தவில்லை. கீழ் பட்டியைப் பாருங்கள், மார்புக்குக் கீழே படியாமல் மேலேயே ஏறி நிற்கிறது. டாட் முனையும் இருக்க வேண்டிய இடத்துக்கு அரை இன்ச் மேலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் முனையில் துணி கூம்பி நிற்கிறது. உயரத்தில் இருக்கும் குறை அகலத்தில் டைட்டாகத் தெரிகிறது.

நீங்கள் கொடுத்த அளவு பிளவுஸின்படிதான் வெட்டினேன். ஆனால் அது பல தடவை துவைத்துப் போட்டது, உங்கள் உடம்புக்கு ஏற்ப இழுத்துக் கொடுத்துப் பழகியிருக்கும். சாம்பிள் தைத்திருப்பது புது டூ பை டூ துணியில். அது அப்படி விட்டுக்கொடுக்காது. லைனிங் போட்ட பட்டு இதைவிடவும் கொடுக்காது. அதனால் இனி அந்தப் பழைய பிளவுஸை விட்டுவிட்டு நேரடி அளவிலேயே போவோம்.

இன்னொன்று, தப்பாக நினைக்க வேண்டாம். இடது பக்கம் ஷோல்டர் சரிந்து உள்ளே இருக்கும் ஸ்ட்ராப் தெரிகிறது. முன் கழுத்து 7, பின் கழுத்து 9½ என்று இரண்டு பக்கமும் இறக்கமாக வைத்திருக்கிறோம், அகலமும் கொஞ்சம் கூடுதல். இந்த நிலையில் சைடை லூஸாக்கினால் ஷோல்டர் இன்னும் நழுவும். இறக்கம் நீங்கள் ஆசைப்பட்டது, அதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். அகலத்தில் பக்கத்துக்குக் கால் இன்ச் குறைத்து, பின்னால் ஒரு நாட் வைத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க ஷோல்டரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்க முடியாது பாருங்கள்.

என் யோசனை இதுதான்: முன் உயரத்தில் அரை இன்ச் கூட்டி, டாட் முனையைக் கீழே இறக்குகிறேன். அப்புறம் சைடில் பக்கத்துக்குக் கால் இன்ச் மட்டும் விடுகிறேன். உள்ளே முக்கால் இன்ச் துணி இருக்கிறது, பிறகு வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். உயரத்துக்கு அந்த வசதி இல்லை. வெட்டியது வெட்டியதுதான்.

வலது கையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியவில்லை. கண்ணாடி முன்னால் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதால் அந்தப் பக்கம் முழுவதுமே மேலே ஏறியிருக்கிறது. வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்று, முன்பக்கம், பின்பக்கம், சைடு என்று மூன்று போட்டோ அனுப்புங்கள். முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், பின் கழுத்து தெரிய வேண்டும். கல்யாணத்தன்று போடப்போகும் உள்ளாடையையே அப்போதும் போட்டிருப்பது முக்கியம்; அது மாறினால் டாட் இடமும் மாறிவிடும்.

கூடவே இரண்டு அளவு வேண்டும். கழுத்தை ஒட்டிய ஷோல்டரிலிருந்து மார்பின் உச்சி வரை ஒன்று, அதே இடத்திலிருந்து மார்புக்குக் கீழே பட்டி படிய வேண்டிய இடம் வரை இன்னொன்று. நீங்களே குனிந்து அளந்தால் தப்பாக வரும், வேறொருவர் டேப் பிடிக்கட்டும்.

வியாழக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. சனிக்கிழமை பட்டுத் துணியை ஆரி வேலைக்குக் கொடுக்க வேண்டும். வெட்டாத துணியில் கழுத்தும் கையும் வரைந்து, சட்டத்தில் கட்டித்தான் வேலை செய்வார்கள். மணியும் ஜரிகையும் ஏறிய பிறகு கழுத்து அகலத்தை மாற்ற வழியில்லை. சேலையோடு வந்த துணியும் 80 சென்டிமீட்டர்தான், மறுபடி வெட்டத் துணி கிடையாது.

சாம்பிளைத் துவைக்காமல் அப்படியே கூரியரில் அனுப்பிவிடுங்கள் அக்கா, துவைத்தால் சுருங்கி அளவு மாறிவிடும். அதைப் பிரித்து, முன்பக்கத்தை மட்டும் புதிதாக வெட்டித் திருத்தி, சனிக்கிழமைக்கு முன் போட்டோ அனுப்புகிறேன். திருத்தத்துக்குத் தனியாகக் காசு வேண்டாம்.