தற்காலிகச் சம்பளக் குறைப்பு: எழுத்தில் நிபந்தனைகளும் முழுச் சம்பளம் திரும்பும் தேதியும் கேட்டு ஒரு பதில் கடிதம்

திருப்பூர்
22.09.2025

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்
நகல்: மனிதவள மேலாளர், கணக்குப் பிரிவு

பொருள்: 18.09.2025 அன்று சொல்லப்பட்ட 20 சதவீத தற்காலிகச் சம்பளக் குறைப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் சாம்பிள் ரூமுக்கு ஸ்டாப் எல்லாரையும் கூப்பிட்டு நீங்களே நேரில் பேசினீர்கள். மேனேஜரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. அதற்கு முதலில் நன்றி.

கம்பெனியின் நெருக்கடி எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆகஸ்ட் 7-ல் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. 27-ல் அது 50 ஆனது. நம்மிடம் பத்து ஆர்டர் வந்தால் ஆறு அங்கேதான் போகிறது. கட்டிங் முடிந்து பவர்டேபிளுக்குப் போகவிருந்த 40,000 பீஸை 'ஹோல்ட்' பண்ணச் சொல்லி வந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்தவள் நான்தான். அன்றைக்கு நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. அதனால் இந்தக் கஷ்டத்தில் என் பங்கையும் ஏற்றுக்கொள்ள நான் தயார். இதை முழு மனதோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை எங்களிடம் கையெழுத்துக் கேட்டுக் கொடுத்த தாளில், இப்போது இருக்கிறபடி, என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. "நிலைமை சீரடையும் வரை எனது சம்பளத்தில் 20 சதவீதம் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரே வரிதான் அதில் இருக்கிறது. எந்த மாதத்திலிருந்து என்று இல்லை. எந்த மாதம் வரை என்று இல்லை. நிலைமை சீராகிவிட்டது என்று யார், எதை வைத்து முடிவு செய்வது என்றும் இல்லை. நான் சம்மதிக்கிறேன் என்று எழுதியிருக்கிறது. கம்பெனி எதற்குச் சம்மதிக்கிறது என்று ஒரு சொல்கூட இல்லை.

நம் தொழிலில் தேதி இல்லாமல் ஒரு காரியமும் நகர்ந்து நான் பார்த்ததில்லை. நூல் எப்போது உள்ளே வரும், நிட்டிங் எப்போது முடியும், டையிங்கிலிருந்து துணி எந்தக் கிழமை வரும், பிபி சாம்பிள் எப்போது அப்ரூவல் ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுத்தான் ஆர்டரைக் கையில் எடுக்கிறோம். "சரக்கு ரெடியானதும் அனுப்புகிறோம்" என்று நான் பையருக்கு ஒரு மெயில் போட்டால் நீங்களே என்னைக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள். ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போகும் என்றால்கூட, அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, புதுத் தேதிக்கு ஒப்புதல் வாங்கிய பிறகுதான் தள்ளுகிறோம். பையருக்குக் கொடுக்கிற அந்தத் தேதியை எங்கள் சம்பளத்துக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதை நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு 2020 ஒரு காரணம். ஊரடங்கு வந்தபோது அந்த ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம் என்றும், மூன்று மாதத்துக்குத்தான் என்றும் சொன்னீர்கள். நாங்களும் சரி என்றோம். ஒருவரும் எழுதி வாங்கவில்லை. மூன்று மாதம் ஆறாகி, ஆறு பத்தாகி, முழுச் சம்பளம் எனக்கு வந்தது 2021 செப்டம்பரில். பதினேழு மாதம் ஆகியிருந்தது. இடையில் ஒருமுறை உங்கள் ரூமுக்கு வந்து கேட்டபோது, "பார்த்துக்கலாம் அம்மணி, உனக்கு இல்லாததா" என்றீர்கள். அன்றைக்கு அந்தச் சொல்லை நம்பினேன், இன்றைக்கும் அது பொய் என்று நினைக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் வங்கியில் வீட்டுக்கடன் தவணை கட்ட அந்தச் சொல்லைக் கொண்டுபோக முடியவில்லை. நகையை வைத்துத்தான் கட்டினேன்.

என் கணக்கைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். சம்பளம் 42,000 ரூபாய். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 24,000, வீட்டு வாடகைப்படி 10,000, மற்ற படிகள் 8,000. இருபது சதவீதம் போனால் 8,400 குறைந்து கைக்கு 33,600 வரும், பிடித்தம் போக இன்னும் குறையும். பெருமாநல்லூர் வீட்டுக்கடன் 13,800. மகன் பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். மாதச் சீட்டு 5,000. பாதியில் நிறுத்தினால் கட்டின பணமே மாட்டிக்கொள்ளும். ஆறு மாதம் என்று தெரிந்தால் எதைத் தள்ளிப்போடலாம், யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கலாம் என்று ஒரு திட்டம் போடுவேன். முடிவு தெரியாத குறைப்புக்கு எந்தத் திட்டமும் போட முடியாது.

ஆகவே நான் கேட்பது இவை.

குறைப்பு 2025 நவம்பர் 1-ல் தொடங்கி 2026 ஏப்ரல் 30-ல் முடியட்டும். மே 1 முதல் பழைய 42,000, யாரும் தனியாக உத்தரவு போடாமலே தானாகத் திரும்ப வேண்டும். நீங்கள் அக்டோபர் என்றீர்கள். அக்டோபர் 20 தீபாவளி. எல்லார் வீட்டிலும் செலவு இருக்கிற மாதம், அதை மட்டும் விட்டுவிடுங்கள். ஏப்ரலுக்கு முன்பே வரி குறைந்து ஹோல்டில் இருக்கிற ஆர்டர்கள் ஓட ஆரம்பித்தால், அதற்கடுத்த மாதமே முழுச் சம்பளம் தர வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகும் நீட்டித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பாகவே எங்களைக் கூப்பிட்டுப் பேசி, ஒவ்வொருவரிடமும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று ஆகக் கூடாது.

அடுத்தது, எந்தத் தொகையில் கை வைப்பது என்பது. இந்த 8,400-ஐ வாடகைப்படி, மற்ற படிகள் சேர்ந்த 18,000-லிருந்து மட்டும் எடுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் அப்படியே இருக்கட்டும். இது பெரிய விஷயமா என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். எனக்குப் பெரிய விஷயம்தான். கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய அடிப்படையையும் பஞ்சப்படியையும் வைத்துத்தான் கணக்காகிறது. 2014 ஜூனில் சேர்ந்தேன், முழுசாகப் பதினொரு வருடம். 24,000-ஐ 26-ஆல் வகுத்து, 15 நாளுக்கும் பதினொரு வருடத்துக்கும் பெருக்கினால் 1,52,308 ரூபாய். அடிப்படையிலும் இருபது சதவீதம் வெட்டி 19,200 ஆக்கினால் 1,21,846. இந்த ஆறு மாதத்துக்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் வீட்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் குறைந்து போகும். மாதச் சம்பளத்தில் இழப்பதோடு இதையும் இழக்க முடியாது. கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம் மூன்றும் 42,000-க்கான பழைய கணக்கிலேயே நிற்கும் என்று எழுதித் தாருங்கள். இந்தத் தீபாவளி போனஸ் போன நிதியாண்டுக்கு உரியது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

சம்பளச் சீட்டிலும் முழுச் சம்பளத்தை மேலே காட்டி, "தற்காலிகக் குறைப்பு" என்று கீழே தனி வரியாக 8,400-ஐக் காட்டச் சொல்லுங்கள். வெறுமனே 33,600 என்று அடித்துவிட்டால் நாளைக்கு வங்கிக்கும் சரி, வேறு யாருக்கும் சரி, என் சம்பளமே அதுதான் என்று ஆகிவிடும்.

டைரக்டர்கள் ஏப்ரல் வரை சம்பளம் எடுக்க மாட்டார்கள் என்று அன்றைக்குச் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்தது. அந்த வரியும் கடிதத்தில் வரட்டும்.

கடைசியாக, எனக்காக இல்லாமல் ஒன்று. பில்லிங் கிளார்க், ஸ்டோர் பையன்கள், சாம்பிள் டெய்லர்கள், செக்கிங் அக்காமார் இவர்கள் தொழிலாளர் என்ற கணக்கில் வருகிறவர்கள். 1947-ஆம் வருடத் தொழிற்தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, சம்பளத்தில் மாற்றம் செய்வதற்கு 21 நாள் முன்னால் அவர்களுக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். பதினெட்டாம் தேதி வாயால் சொல்லி அக்டோபர் ஒன்றிலிருந்து குறைத்தால் பதிமூன்று நாள்தான் ஆகிறது. நவம்பர் என்று வைத்துக்கொண்டு இப்போதே நோட்டீஸ் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அதோடு, 25,000 வாங்குகிற ஒருவருக்கு இருபது சதவீதம் குறைத்தால் 20,000 ஆகி, 21,000 என்ற இஎஸ்ஐ வரம்புக்குள் வந்துவிடுவார். அதையும் கணக்குப் பிரிவு முன்னாலேயே பார்த்துக்கொள்வது நல்லது. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை, ஐயா. பின்னால் யாராவது வெளியாள் வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்வது என் கடமை என்று எழுதுகிறேன்.

கம்பெனி லெட்டர்பேடில் கீழ்க்கண்டபடி ஒரு கடிதம் தந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்:

"அமெரிக்க இறக்குமதி வரியால் ஏற்பட்ட நெருக்கடியை முன்னிட்டு, மூத்த மெர்ச்சண்டைசர் (பணியாளர் எண் 214) அவர்களின் மாதச் சம்பளமான ரூ.42,000-ல், படிகளிலிருந்து மட்டும் ரூ.8,400, 01.11.2025 முதல் 30.04.2026 வரை ஆறு மாதங்களுக்கு அவருடைய சம்மதத்துடன் குறைக்கப்படுகிறது. 01.05.2026 முதல் ரூ.42,000 மறு உத்தரவின்றி வழங்கப்படும். வரி குறைந்து நிறுத்தப்பட்ட ஆர்டர்கள் முன்னதாகத் தொடங்கினால் அதற்கடுத்த மாதம் முதலே முழுச் சம்பளம் வழங்கப்படும். கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், நோட்டீஸ் காலச் சம்பளம் ஆகியவை குறைப்புக்கு முந்தைய சம்பளத்தின்படியே கணக்கிடப்படும். இக்காலத்தில் இயக்குநர்கள் சம்பளம் பெறமாட்டார்கள். எழுத்துபூர்வமான புதிய சம்மதமின்றி இக்குறைப்பு நீட்டிக்கப்படாது."

இரண்டு பிரதி போட்டு, இரண்டிலும் உங்கள் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் இருந்தால் போதும். ஒன்று என்னிடம் இருக்கட்டும். தேதியிலோ தொகையிலோ வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள், பேசலாம். அதுவும் எழுத்திலேயே வந்தால் நல்லது. அக்டோபர் 1 ஆயுத பூஜை, அதற்கு முன்னால் 29-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் பதில் கிடைத்தால் எல்லாருக்கும் மனசு அமைதியாக இருக்கும். அதுவரை என் சம்பளம் இப்போது உள்ளபடியே தொடரும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேலையில் ஒரு குறையும் வராது. விலகிப் போன இரண்டு பேரின் பையர்களையும் நான்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன், அது அப்படியே நடக்கும். பிரிட்டன் பையர் கேட்ட பேபி செட் காஸ்டிங் புதன்கிழமை காலை உங்கள் மேசைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை கொடுத்த சம்மதத் தாளைக் கையெழுத்து இல்லாமல் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சுமதி
மூத்த மெர்ச்சண்டைசர், பணியாளர் எண் 214

இணைப்பு: 19.09.2025 தேதியிட்ட சம்மதத் தாள் (கையெழுத்திடாதது), ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டு நகல்