நாளைய பணத்துக்கு இன்று என்ன மதிப்பு?

நேற்று வகுப்பு முடிந்து கிளம்பும்போது உங்களில் ஒருவர் கேட்டார்: “விலைவாசியே ஏறாது என்று வைத்துக்கொண்டால், இன்று கிடைக்கும் ஆயிரமும் அடுத்த வருடம் கிடைக்கும் ஆயிரமும் ஒன்றுதானே?” வாசலில் நின்றபடி நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். சூத்திரம் அடுத்த வாரம் வரும். அதற்கு முன் இது மனதில் பதிய வேண்டும்.

ஒன்று இல்லை. விலைவாசி அசையாமல் நின்றாலும் ஒன்று இல்லை. இன்று கையில் இருக்கும் ஆயிரத்தை நான் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை. பத்து சதவீத வட்டிக்குப் போட வழியிருந்தால் அடுத்த வருடம் அது 1100. அடுத்த வருடம்தான் பணம் வரும் என்பவருக்கு அந்த நூறு இல்லை. இடைப்பட்ட ஒரு வருடத்தில் அந்தப் பணம் அவருக்காக எந்த வேலையும் செய்யவில்லை. பணத்தின் கால மதிப்பு என்பதன் வேர் இதுதான். விலைவாசி ஏறுவதும், தருகிறேன் என்றவர் தராமல் போகலாம் என்ற பயமும் இதன்மேல் சேர்கிற கூடுதல் காரணங்கள்.

கணக்கை முன்னோக்கி நகர்த்துவது உங்களுக்குப் பள்ளியிலிருந்தே தெரியும். ஆயிரம் ஒரு வருடத்தில் 1100, இரண்டாம் வருடம் 1210. அந்தக் கடைசிப் பத்து, முதல் வருட வட்டியாகிய நூறு தானும் ஈட்டிய வட்டி. கூட்டு வட்டி அவ்வளவுதான்.

இப்போது அதே பாதையில் திரும்பி நடங்கள். இரண்டு வருடம் கழித்து 1210 தருவதாக ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்குக்கு இன்று என்ன மதிப்பு? “இன்று எவ்வளவு போட்டால் அன்றைக்கு 1210 ஆகும்?” என்று கேட்டாலே விடை வந்துவிடும்: ஆயிரம். வருங்காலத் தொகையை இப்படி இன்றைக்குக் கொண்டுவருவதைத்தான் தள்ளுபடி செய்வது, டிஸ்கவுண்டிங் என்கிறோம். இந்தத் ‘தள்ளுபடி’ என்ற சொல் பலரைக் குழப்புகிறது. விற்பவர் விலையைக் குறைத்துத் தருகிற சலுகை நினைவுக்கு வரும். இங்கே யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைய ஆயிரமும் இரண்டு வருடம் கழித்து வரும் 1210-உம், பத்து சதவீதம் ஈட்டக்கூடியவருக்கு ஒரே எடை. அவ்வளவே.

முதல் தேர்வில் பாதிப் பேர் தவறுகிற இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் வரும் 1100-ஐ இன்றைக்குக் கொண்டுவரச் சொன்னால், அதில் பத்து சதவீதத்தைக் கழித்து 990 என்று எழுதிவிடுவார்கள். ஏறும்போது ஆயிரத்தின்மேல் பத்து சதவீதம் ஏறியது. இறங்கும்போது 1100-இல் பத்து சதவீதத்தை வெட்டினால் நூறுக்குப் பதில் நூற்றுப்பத்து போய்விடுகிறது. எழுதிய விடையை ஒரு வருடம் முன்னோக்கி வளர்த்துப் பாருங்கள். 990 வளர்ந்து 1089 ஆகும், 1100 ஆகாது. தவறு உடனே தெரிந்துவிடும்.

சரி, எந்த வட்டி வீதத்தில் தள்ளுபடி செய்வது? என் பார்வையில் இந்தப் பாடத்திலேயே கனமான கேள்வி இதுதான். இன்று 1000 வேண்டுமா, இரண்டு வருடம் கழித்து 1150 வேண்டுமா என்று இரண்டு பேரிடம் கேட்கிறோம். முதலாமவருக்குப் பாதுகாப்பாக ஐந்து சதவீதம் கிடைக்கும் இடம் மட்டுமே தெரியும். அவர் ஆயிரத்தை வாங்கிப் போட்டால் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 1102. காத்திருப்பதே அவருக்கு நல்லது. இரண்டாமவருக்குப் பத்து சதவீத வட்டியில் கடன் இருக்கிறது. இன்றே ஆயிரத்தை வாங்கி அடைத்தால், 1210-ஆக வளர்ந்திருக்கும் கடன் ஒழிகிறது. காத்திருந்தால் அவருக்கு நஷ்டம். தொகை ஒன்று, காலம் ஒன்று, முடிவு மட்டும் வேறு. இருவர் சொல்வதும் சரி. தள்ளுபடி வீதம் என்பது அந்தப் பணம் இன்று கையில் இருந்தால், அதே அளவு அபாயத்தில் உங்களால் வேறெங்கே என்ன ஈட்ட முடியும் என்பதன் அளவு. வரவேண்டிய பணம் வருமா என்ற சந்தேகம் கூடக் கூட, ஒப்பிட வேண்டிய ஈட்டமும் கூடும், வீதமும் உயரும், இன்றைய மதிப்பு இறங்கும்.

தூரம் நீளும்போது இந்த வீதம் செய்கிற வேலை வியப்பாக இருக்கும். பத்து சதவீதத்தில், பத்து வருடம் தள்ளி வரும் ஆயிரத்துக்கு இன்று மதிப்பு சுமார் 386. இருபது வருடம் என்றால் 149. முப்பது வருடம் என்றால் வெறும் 57. அதே முப்பது வருடத்துக்கு வீதத்தை ஐந்தாகக் குறையுங்கள், 231 வரும். வீதம் பாதியானதும் மதிப்பு நான்கு மடங்காகிவிட்டது. நெடுங்காலத் திட்டங்களைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணைப் பற்றிய வாதங்களாக முடிவது இதனால்தான். வட்டி வீதம் ஏறினால் கடன் பத்திரங்களின் விலை விழுவதும் இதே காரணத்தால்தான்: வரப்போகும் தொகைகள் மாறவில்லை, அவற்றை இன்றைக்குக் கொண்டுவரும் வீதம்தான் மாறியது.

கடைசியாக, நான் மிகவும் விரும்பும் கணக்கு. இன்று 1000 போட்டால், அடுத்த மூன்று வருட முடிவுகளிலும் தலா 400 தரும் ஒரு திட்டம். மொத்தம் 1200 வருகிறது. இருநூறு லாபம் என்று தோன்றும். பத்து சதவீதத்தில் தள்ளுபடி செய்தால் அந்த மூன்று நானூறுகளின் இன்றைய மதிப்பு சுமார் 363.6, 330.6, 300.5. கூட்டினால் 995 வரை வரும், ஆயிரத்தைத் தொடாது.

இதை நம்பாதவர்களுக்கு ஒரு கடன் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அந்த ஆயிரத்தைப் பத்து சதவீதத்தில் கடன் வாங்கியே போடுகிறீர்கள். வருட முடிவில் கடன் 1100. வந்த 400-ஐக் கட்டினால் மீதி 700. அடுத்த வருடம் அது 770 ஆகிறது, 400 கட்டினால் மீதி 370. மூன்றாம் வருடம் 407. கடைசி 400-ஐயும் கட்டியாயிற்று. இன்னும் ஏழு கடன் நிற்கிறது, திட்டமோ முடிந்துவிட்டது. மூன்று வருடம் தள்ளி நிற்கும் அந்த 7-ஐ இன்றைக்குக் கொண்டுவந்தால் ஐந்துக்குச் சற்று மேல். ஆயிரத்துக்கும் 995-க்கும் நடுவே நாம் பார்த்த பள்ளம் அதுதான். நிகர இன்றைய மதிப்பு என்று நீங்கள் அடுத்த வாரம் கற்கப்போவது, இந்த மிச்சக் கடனை முன்கூட்டியே பார்க்கும் வழி. கடன் வாங்காமல் சொந்தப் பணத்தைப் போட்டாலும் முடிவு மாறாது. வேறிடத்தில் கிடைத்திருக்கும் பத்து சதவீதத்தை அப்போது நீங்கள் இழக்கிறீர்கள்.

அடுத்த வகுப்புக்கு முன் இதைச் செய்து வாருங்கள். அதே ஆயிரம், அதே பத்து சதவீதம், அதே மொத்தம் 1200. ஆனால் வரவு 500, 400, 300 என்ற வரிசையில் வருகிறது. மேலே போட்டதுபோலவே கடன் கணக்கைப் போடுங்கள். பிறகு வரிசையைத் திருப்பி 300, 400, 500 என்று வைத்து இன்னொரு முறை போடுங்கள். ஒன்றில் கடன் தீர்ந்து கையில் 14 மிஞ்சும், மற்றதில் 28 கடன் நிற்கும். இந்த 42 எங்கிருந்து வந்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதி எடுத்து வாருங்கள்.