மொய் நோட்டில் தொகையை எழுத்தால் எழுத: 51 முதல் 10,001 வரை

காட்பாடி மண்டபத்தில் மொய் மேசையில் உட்காரப் போகும் மூன்று பேருக்கும் இது. இந்த முறை தொகையை எண்ணால் மட்டும் எழுதக் கூடாது, எழுத்தாலும் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அதுவும் சரிதான், அவசரத்தில் போட்ட ஒரு பூஜ்யம் பின்னாளில் திருப்பிச் செய்யும்போது பெரிய வம்பாகிவிடும். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நான் சொல்லவில்லை, ஆனால் வாயில் வருவதை அப்படியே எழுதினால் நோட்டு முழுக்க "நூத்தியொண்ணு", "அம்பத்தியொண்ணு" என்றுதான் இருக்கும். கூட்டம் சேருவதற்குள் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் நூறுக்குக் கீழே. இதில் பெரும்பாலும் 51தான் வரும்: ஐம்பத்தொன்று. மற்றவையும் அதே அச்சுதான். 61 அறுபத்தொன்று, 71 எழுபத்தொன்று, 81 எண்பத்தொன்று. பேசும்போது நடுவில் ஒரு "தி" வந்து உட்காரும், எழுதும்போது அது கிடையாது, "ஐம்பத்து" என்பதுதான் அடிப்படை. ஆறும் ஏழும் நெடில், அறுபதும் எழுபதும் குறில் என்பதைக் கவனியுங்கள். அறுநூறு, எழுநூறு என்று நூறிலும் குறில்தான், ஆனால் ஆயிரத்தில் பழையபடி ஆறாயிரம், ஏழாயிரம் என்று நீண்டுவிடும்.

91க்கு வந்தால் அச்சு மாறுகிறது. தொண்ணூறு என்பதன் கடைசியில் "நூறு" இருக்கிறது இல்லையா, அதனால் "பத்து" வராமல் "ற்று" வரும். 91 தொண்ணூற்றொன்று, 92 தொண்ணூற்றிரண்டு, 93 தொண்ணூற்று மூன்று, 94 தொண்ணூற்று நான்கு, 95 தொண்ணூற்றைந்து, 96 தொண்ணூற்றாறு, 97 தொண்ணூற்றேழு, 98 தொண்ணூற்றெட்டு, 99 தொண்ணூற்றொன்பது, அப்புறம் 100 நூறு. இரண்டு சுழி "ன்னூ" போட்டு "தொன்னூறு" என்று எழுதுகிறவர்கள் நிறைய, அது மூன்று சுழி "ண்ணூ".

நூறுக்கு மேலே உங்களுக்கு நாள் முழுக்க வேலை கொடுக்கப் போவது 101. நூற்றொன்று. "நூற்றி ஒன்று" வேண்டாம். 110 நூற்றுப் பத்து, 120 நூற்றிருபது, 130 நூற்று முப்பது, 140 நூற்று நாற்பது, 150 நூற்றைம்பது, 160 நூற்றறுபது, 170 நூற்றெழுபது, 180 நூற்றெண்பது, 190 நூற்றுத் தொண்ணூறு. உயிரெழுத்தில் தொடங்குவது ஒட்டிக்கொள்ளும், பகரமோ தகரமோ வந்தால் நடுவில் ஒற்று விழும், மகரத்துக்கும் நகரத்துக்கும் ஒன்றும் இல்லை. ஒட்டி எழுதினால் கண்ணைக் கட்டுகிறது என்றால் "நூற்று அறுபது" என்று பிரித்தே எழுதுங்கள், அதுவும் தப்பில்லை. கட்டத்துக்குள் இடித்து எழுதி யாருக்கும் புரியாமல் போவதைவிட அது மேல்.

சித்தூர்ப் பக்கத்துச் சொந்தங்கள் வந்தால் 101 கொடுக்க மாட்டார்கள், தெலுங்கு வழக்கப்படி 116, இல்லையென்றால் 1,116. "தப்பா எண்ணிட்டீங்களா அண்ணே" என்று கேட்டு மானத்தை வாங்காதீர்கள். 116 நூற்றுப் பதினாறு, 1,116 ஆயிரத்து நூற்றுப் பதினாறு.

இனி நூறுகள். இங்கேதான் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேடம் போடும். 200 இருநூறு, 300 முந்நூறு, 400 நானூறு, 500 ஐந்நூறு, 600 அறுநூறு, 700 எழுநூறு, 800 எண்ணூறு, 900 தொள்ளாயிரம். முந்நூறை "முன்னூறு" என்று எழுதாதீர்கள், மூன்று நூறு என்பதால் முந்நூறு. ஐந்நூறை "ஐநூறு" என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள், பத்திரிகையிலும் பார்க்கலாம். ஏற்கெனவே அப்படி எழுதிவிட்டால் அடித்துத் திருத்தி நோட்டை அசிங்கமாக்க வேண்டாம், தொகையில் குழப்பம் வராது. நானூறில் ஒரே "னூ"தான், நடுவில் "ன்" போட்டு "நான்னூறு" ஆக்க வேண்டாம்.

இவற்றோடு ஒன்று சேர்ந்தால்: 201 இருநூற்றொன்று, 251 இருநூற்று ஐம்பத்தொன்று, 301 முந்நூற்றொன்று, 401 நானூற்றொன்று, 501 ஐந்நூற்றொன்று, 601 அறுநூற்றொன்று, 701 எழுநூற்றொன்று, 801 எண்ணூற்றொன்று. 901 மட்டும் தொள்ளாயிரத்தொன்று, ஏனென்றால் அந்தச் சொல் ஆயிரத்தில் முடிகிறது. ஒன்பதுக்கு எப்போதும் ஒரு படி மேலே போய் நிற்கிற பழக்கம். அதுவே பத்துபோல "பது" என்று முடிகிறது, தொண்ணூறு நூறுபோல, தொள்ளாயிரம் ஆயிரம்போல. இது இன்று நேற்று வந்த கோளாறு இல்லை, ஒன்பதோடு பத்தும் நூறும் சேர்ந்தால் இப்படித்தான் திரியும் என்று நன்னூலிலேயே விதி இருக்கிறது. மேசையில் உட்கார்ந்தவனுக்கு இதில் உள்ள ஆபத்து வேறு: சத்தத்தில் "தொள்ளாயிரம்" என்பதில் பின்பாதி மட்டும் காதில் விழுந்தால் ஆயிரம் என்று எழுதிவிடுவோம், அதை 9,000 என்று எழுதியவர்களும் உண்டு. 9,000 என்றால் ஒன்பதாயிரம். காதை நம்பாமல் உறையைப் பிரித்து நோட்டை எண்ணுங்கள்.

ஆயிரத்துக்கு மேல் அவ்வளவு தொல்லை இல்லை. 1,001 ஆயிரத்தொன்று, 1,501 ஆயிரத்து ஐந்நூற்றொன்று, 2,001 இரண்டாயிரத்தொன்று, 3,001 மூவாயிரத்தொன்று, 4,001 நான்காயிரத்தொன்று, 5,001 ஐயாயிரத்தொன்று, 10,001 பத்தாயிரத்தொன்று. உருமாறுவது மூவாயிரமும் ஐயாயிரமும்தான். 4,000த்தை "நாலாயிரம்" என்று எழுதினாலும் சரி, ஆனால் ஒரே நோட்டில் இரண்டையும் கலக்காதீர்கள். 1,000த்துக்கு முன்னால் "ஒரு" போட வேண்டாம், வெறும் ஆயிரம் போதும்.

ரூபாய் என்ற சொல் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து கடைசி ஒன்று மாறும். ரூபாயை முன்னால் போட்டால் "ரூபாய் ஐந்நூற்றொன்று மட்டும்". பின்னால் போட்டால் "ஐந்நூற்றொரு ரூபாய்", அங்கே "ஐந்நூற்றொன்று ரூபாய்" என்று எழுதினால் காதுக்கு இடிக்கும். இந்த நோட்டுக்கு முதல் வகையையே வைத்துக்கொள்வோம். கடைசியில் "மட்டும்" கட்டாயம், அதற்குப் பின்னால் யாரும் எதையும் செருக முடியாது.

பத்து, ஐம்பது, நூறு என்று எழுதும்போதே திடீரென்று எழுத்து மறந்துபோனால் கையில் இருக்கும் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், மொழிகள் வரிசையில் தமிழும் இருக்கும்.

ஒரு வரி மாதிரிக்கு: குடியாத்தம், பெரிய மாமா வீடு, 1,001, ரூபாய் ஆயிரத்தொன்று மட்டும். ஊர் முதலில், பிறகு பெயர், பிறகு எண், கடைசியில் எழுத்து. எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தால் வெள்ளை மை தடவாதீர்கள், அந்த வரியை ஒரே கோடாக அடித்து அடுத்த வரியில் முழுதாக எழுதி, பக்கத்தில் உங்கள் மூவரில் இருவர் கையெழுத்துப் போடுங்கள்.