வலமிருந்து இடம்

ரெக்கார்டு ரூமில் கயல்விழி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வார்டுக்குப் போன கோப்பு ஒன்று திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு குத்தியிருந்தது: "இது வேறு லட்சுமி."

அந்த மருத்துவமனையில் 116 லட்சுமிகளுக்குக் கோப்பு இருந்தது. சரியான லட்சுமியைத் தேடி அவளும் முத்தையாவும் நாற்பது நிமிடம் தூசியில் நின்றார்கள். கிடைத்த கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பென்சிலின் ஒவ்வாது. கயல்விழிக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த ஒரு வரி, நாற்பது நிமிடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

முத்தையாவைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருடமாக அந்த அறைக்கு அட்டவணையே அவர் தலைதான். "நீலக் கயிறு கட்டின கட்டு, ஜன்னலுக்குக் கீழே" என்பார், இருக்கும். ஆனால் அவர் விடுப்பில் போனால் அறையும் விடுப்பில் போனது மாதிரிதான். அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு.

ஒரு வாரம் யோசித்துவிட்டு அவரிடம்தான் முதலில் சொன்னாள். "ஐயா, ஆளுக்கு ஒரே எண். எத்தனை தடவை வந்தாலும் அதே எண்தான். 014638 என்றால், கடைசி இரண்டு இலக்கம் 38. அந்தப் பிரிவுக்குப் போகணும். அங்கே 46. அதற்குள் 01."

"பின்னாலிருந்து படிக்கணுமா? எதுக்கு பாப்பா இந்தச் சுற்று? ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையா அடுக்கினா ஆகாதா?"

"அப்படி அடுக்கினால் புதுக் கோப்பு எல்லாம் கடைசி அலமாரியில்தான் சேரும். அடிக்கடி கேட்பதும் புதுக் கோப்பைத்தான். எல்லாரும் அங்கேயே முட்டிக்கொள்வோம். இதில் 38-க்கு அடுத்த ஆள் 39-க்குப் போய்விடுவார். நூறு பிரிவும் சமமாக வளரும். பழையதைக் கழித்தாலும் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காலியாகும். அறை முழுக்க நகர்த்த வேண்டாம்."

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தபோது ஒரு அலமாரியைத் துடைத்துக் காலியாக வைத்திருந்தார்.

ஏறக்குறைய 20,000 கோப்புகள். பிரிவுக்கு இருநூறு. எண் போடுவது சுலபம். ஒரே ஆளுக்கு இருக்கும் இரண்டு மூன்று கோப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. பெயரை மட்டும் நம்ப முடியாது. பிறந்த தேதி, அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், ஊர் எல்லாம் ஒத்துப்போனால்தான் இரண்டையும் ஒன்றாகத் தைத்தார்கள். சந்தேகம் இருந்தால் தைக்காமல் தனியே வைத்தார்கள். இரண்டு பேரை ஒருவராக்குவது, ஒருவரை இரண்டாக விடுவதைவிட ஆபத்து. பெயர் தெரிந்து எண் தெரியாமல் வருபவர்களுக்காக பெயரும் எண்ணும் எழுதிய அட்டைகளை அகரவரிசையில் அடுக்கிய ஒரு பெட்டி. கட்டுகளைப் பிரிக்கும்போது ராமபாணப் பூச்சிகள் ஓடின. தும்மித் தும்மி இருவருக்கும் குரல் கட்டியது.

வண்ணப் பட்டை ஒட்டலாம் என்றது முத்தையாதான். இலக்கத்துக்கு ஒரு நிறம். ஒரு பிரிவு முழுவதும் ஒரே இரண்டு நிறம் வரிசையாகத் தெரியும். நடுவில் ஒரு கோப்பு மாறி நுழைந்தால் வாசலில் இருந்தே கண்ணில் குத்தும். கோப்பு வெளியே போனால் அந்த இடத்தில் யார் வாங்கினார், எப்போது என்று எழுதிய கெட்டி அட்டை நிற்கும். இது கயல்விழியின் பிடிவாதம். அட்டை வைக்காமல் எந்த டாக்டருக்கும் அவள் கோப்பு தரவில்லை. முதல் மாதம் திட்டு வாங்கினாள். அப்புறம் அவர்களே எண் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஐந்தாவது மாதம், கடைசிக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்தபோது மூன்று மெல்லிய கோப்புகளை அவள் தனியே எடுத்து வைத்தாள். முத்தையா, முத்தய்யா, மூத்தையா.

"ஐயா, மூன்றும் உங்களுடையதுதானா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். ஒன்றில் கை முறிவு. ஒன்றில் காய்ச்சல். மூன்றாவதில், பத்து வருடத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை. சர்க்கரை கூடுதல், மறுபடி பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

"அடுத்த தடவை போனப்போ பழைய கோப்பைக் கேட்டாங்களே... கிடைக்கல, புதுசா போட்டுக்கலாம்னு சொன்னேன்." கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேடினது நான்தான்."

கயல்விழி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றையும் அடுக்கி, ஓரம் தட்டி, ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினாள். அவரே தைத்தார். பதிவேட்டில் அடுத்த எண் 019472. மேலட்டையில் அவள் எழுதியதும், பட்டைகளை அவரே எடுத்து ஒட்டினார்.

பிறகு கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளிடம் கேட்காமல், எழுபத்திரண்டாம் பிரிவை நோக்கி நடந்தார்.