தம்பி வீட்டின் கட்டுமானச் செலவுத் திட்டம் (1,215 சதுர அடி)

தம்பிக்கு,

ஒப்பந்தக்காரர் கொடுத்த இரண்டு பக்கத்தையும் நான்கு முறை படித்துவிட்டேன். அவர் கணக்கில் கூட்டல் தவறு இல்லை. ஆனால் விட்டுப்போனவை நிறைய. அதனால் அதை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து எழுதியிருக்கிறேன். நீங்கள் இருவரும் உட்கார்ந்து படித்து, பிடிக்காத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் இது முடிவாக வேண்டும்.

1. பரப்பளவு

எல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. அவர் 1,280 சதுர அடி என்று எழுதியிருக்கிறார். வரைபடத்தை வைத்து நான் அளந்தது இது: தரைத்தளம் சுவர்களையும் சேர்த்து 1,040, மாடிப்படி அறை 110, போர்டிகோ 130. கூட்டினால் அவர் சொன்ன 1,280தான். ஆனால் போர்டிகோவுக்குச் சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, உள்பூச்சு இல்லை. இரண்டு தூணும் மேலே ஒரு தளமும்தான். அதற்குப் படுக்கையறையின் விலையைக் கொடுப்பதில் நியாயம் இல்லை. பாதியாக, 65 சதுர அடியாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். சற்று முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். ஆக 1,215 சதுர அடி. இந்த ஒரு பேச்சில் மிச்சமானது 1,43,000.

2. சதுர அடி விலை

மூன்று பேரிடம் விலை கேட்டோம்: 1,950, 2,200, 2,350. உனக்கு முதலாமவர் மேல் கண். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அவர் தாளின் கடைசிப் பத்தியைப் படிக்கும் வரை. கைப்பிடிச் சுவர், மொட்டை மாடித் தள ஓடு, பரண்கள், குளியலறைக் குழாய்ச் சாமான்கள், அடித்தளத்தில் இரண்டு அடிக்கு மேல் நிரப்பும் மண் எல்லாம் 'தனி'. அவற்றுக்கு அவரிடமே விலை போடச் சொன்னேன். 3,10,000 வந்தது. 1,215ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 255. அதாவது அவருடைய உண்மையான விலை 2,205. சல்லிசு என்று நினைத்தவர்தான் இரண்டாமவரைவிட ஐந்து கூடுதல்.

இரண்டாமவரின் 2,200இல் மேலே சொன்ன எல்லாம் அடங்கும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். கட்டட வேலைக்கு 1,215 × 2,200 = 26,73,000.

இதைச் சரிபார்க்க ஒரு கைக்கணக்கு. இப்படிப்பட்ட வீட்டுக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 0.4 மூட்டை சிமென்டும் 4 கிலோ கம்பியும் போகும். நமக்கு 486 மூட்டை, 4,860 கிலோ. கம்பி கிலோவுக்கு 8ம், சிமென்ட் மூட்டைக்கு 40ம் ஏறினால் 58,320 கூடும். மொத்தத்தோடு ஒப்பிட்டால் பயப்படும் அளவு இல்லை, ஆனால் யார் தலையில் விழும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பத்து சதவீதம் வரை அவர் பொறுப்பு, அதற்கு மேல் ஏறுவது மட்டும் நம்முடையது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

3. சதுர அடிக்குள் வராதவை

நான் வீடு கட்டியபோது சறுக்கிய இடம் இதுதான். சதுர அடிக் கணக்கை மட்டும் நம்பிக் கடன் வாங்கினேன். வீடு முடிந்தபோது சுற்றுச்சுவருக்குப் பணம் இல்லாமல் ஒன்றரை வருடம் முள்வேலியோடு இருந்தேன்.

மண் பரிசோதனை, வரைபடம், அனுமதிக் கட்டணம்: 85,000
ஆழ்துளைக் கிணறு, மோட்டார்: 1,60,000
நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, 12,000 லிட்டர்: 1,80,000
செப்டிக் டேங்க்: 90,000
சுற்றுச்சுவர் 120 அடி நீளம், இரும்புக் கதவு: 2,30,000
தற்காலிக, நிரந்தர மின் இணைப்பு: 55,000
விளக்குகள், மின்விசிறிகள்: 60,000
சமையலறை, படுக்கையறை அலமாரிகள்: 2,40,000

மொத்தம் 11,00,000. கட்டடத்தோடு சேர்த்தால் 37,73,000.

4. எதிர்பாராச் செலவு

எல்லாவற்றுக்கும் ஒரே பத்து சதவீதம் என்று போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணுக்குள் இறங்கும் வேலையில்தான் கணக்கு தவறும். மேலே வரும் சுவரை எண்ணிவிடலாம், கீழே இருக்கும் பாறையை எண்ண முடியாது. என் வீட்டுத் தொட்டிக்குத் தோண்டியபோது நாலாவது அடியில் கடப்பாறை 'ணங்' என்றது. பாறை உடைக்கும் இயந்திரம் மூன்று நாள் நின்றது.

ஆகவே கட்டட வேலைக்கு 10 சதவீதம், 2,67,300. கிணறு, தொட்டி, செப்டிக் டேங்க் மூன்றும் சேர்ந்த 4,30,000க்கு 20 சதவீதம், 86,000. மீதி 6,70,000க்கு 5 சதவீதம், 33,500. மொத்தம் 3,86,800. இதை 3,87,000 என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பணத்தை எதற்குத் திறக்கலாம்? மண் ஏமாற்றினால், பொருள் விலை ஒப்பந்த வரம்பைத் தாண்டினால், வரைபடத்தில் உண்மையாகவே ஏதாவது விட்டுப்போயிருந்தால். 'இந்த டைல்ஸ் இன்னும் அழகாக இருக்கிறது' என்பதற்குத் திறக்கக்கூடாது. ஆசைக்கு வேறு எங்காவது குறைத்துத்தான் பணம் எடுக்க வேண்டும். அடித்தளம் முடியும் வரை இதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தொடாதே. மேல்தளக் கான்கிரீட் வரை எழுபது. மீதி முப்பது சதவீதம் வண்ணப்பூச்சு முடியும் வரை வங்கியிலேயே இருக்கட்டும்.

5. யாரும் எழுதாத செலவு

வேலை பத்து மாதம் ஓடும். அதுவரை இப்போதிருக்கும் வீட்டு வாடகை மாதம் 9,000, ஆக 90,000. வங்கி கொடுக்கக் கொடுக்க வட்டியும் ஓடும். 24 லட்சம் கடன் படிப்படியாக வருவதால் சராசரியாகப் பாதி, அதாவது 12 லட்சம் நம் கையில் இருப்பதாகக் கொண்டால், 9 சதவீதத்தில் பத்து மாதத்துக்கு 90,000. இரண்டும் 1,80,000. மாதாமாதம் சம்பளத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லாதே. அந்தப் பத்து மாதமும் சம்பளம் சில்லறைச் செலவுக்கே போய்விடும்.

6. பற்றாக்குறை

தேவை: 37,73,000 + 3,87,000 + 1,80,000 = 43,40,000. கையிருப்பு 17 லட்சம், கடன் 24 லட்சம், மொத்தம் 41 லட்சம். துண்டு விழுவது 2,40,000.

அலமாரிகளின் தொகையும் அதேதான். நான் அதற்காகத் திருகிய கணக்கு இல்லை, நம்பு. அலமாரியை ஒரு வருடம் தள்ளிப்போடுவோம். இப்போது சமையல் மேடையும், சுவருக்குள் மின் பைப்புகளும் மட்டும் போதும். அவை ஏற்கெனவே சதுர அடி விலைக்குள் இருக்கின்றன. அலமாரி வேலை போனால் எதிர்பாராச் செலவும் 12,000 குறைந்து 3,75,000 ஆகும். புதிய தேவை 40,88,000, மிச்சம் 12,000. உன் மனைவிக்கு இது பிடிக்காது என்று தெரியும். நானே பேசுகிறேன். இதற்குப் பதிலாகத் தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்பிலோ மின் ஒயரிலோ குறைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அலமாரியைப் பின்னால் வைக்கலாம், சுவருக்குள் போன ஒயரை மாற்றச் சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

7. எதை முதலில் செய்வது

முதலில் மண் பரிசோதனை. அது வராமல் அடித்தளத்தின் ஆழத்தை யாரும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்து ஆழ்துளைக் கிணறு. வீடு எழும்பிவிட்டால் துளையிடும் வண்டி உள்ளே நுழையாது. பிறகு தற்காலிக மின் இணைப்பும் தண்ணீர்த் தொட்டியும். கட்டுமானத்துக்கான தண்ணீரை அந்தத் தொட்டியிலேயே பிடித்து வைக்கலாம். இவை முடிந்த பின்தான் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம்.

செப்டிக் டேங்க் பூச்சு வேலையின்போது. சுற்றுச்சுவர் கடைசிக்குச் சற்று முன்பு. இப்போதே கட்டினால் மணல் லாரி இடித்துவிடும். விளக்கும் மின்விசிறியும் குடிபோகும் வாரத்தில் வாங்கினால் போதும்.

ஒப்பந்தக்காரர் 25 சதவீதம் முன்பணம் கேட்கிறார். மேல்தளம் முடிவதற்குள் 80 சதவீதம் அவர் கைக்குப் போய்விடும்படி எழுதியிருக்கிறார். மேல்தளத்தோடு ஏறத்தாழப் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதன்பின் அவருக்கு நம் வீட்டுக்கு வர என்ன அவசரம்? என் மாற்றுத் திட்டம்:

கையெழுத்தின்போது 5%: 1,33,650
அடித்தளம் முடிந்ததும் 15%: 4,00,950
லிண்டல் மட்டம் வரை 15%: 4,00,950
மேல்தளக் கான்கிரீட் முடிந்ததும் 20%: 5,34,600
கைப்பிடிச் சுவர், உள்பூச்சு 15%: 4,00,950
வெளிப்பூச்சு, தரை ஓடு 15%: 4,00,950
கதவு, வண்ணம், மின், குழாய்ச் சாமான்கள் 10%: 2,67,300
குடியேறி ஒரு மழைக்காலம் கழிந்த பின் 5%: 1,33,650

கடைசி வரியில் அவர் பேரம் பேசுவார். மூன்று மாதம் என்று இறங்கினாலும் சரி, ஆனால் முழுவதையும் விட்டுக்கொடுக்காதே. கசிவு தெரிவது மழை பெய்த பிறகுதான்.

வங்கி ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அவர்கள் ஆள் பார்த்த பிறகுதான் பணம் விடும். அதனால் உன் 17 லட்சம் முதலில் போகும். வரைபடம், கிணறு, தொட்டி, முன்பணம், அடித்தளம் சேர்த்து 9,59,600. மீதி 7,40,400இல் எதிர்பாராச் செலவு 3,75,000ஐயும் வாடகை, வட்டி 1,80,000ஐயும் தனிக் கணக்கில் போட்டுவிடு. லிண்டலிலிருந்து கடன் பணம்.

8. பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது

எல்லாக் கட்டத்தையும் விட ஒன்றுதான் எனக்கு முக்கியம். மேல்தளக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை நீயே சென்ட்ரிங் பலகை மேல் ஏறு. மின்விசிறிப் பெட்டிகளை எண்ணு. கூடத்தில் இரண்டு, படுக்கையறைகளில் தலா ஒன்று, சமையலறையில் ஒன்று, மொத்தம் ஐந்து இருக்க வேண்டும். மின் பைப்புகள் பெட்டிக்குப் பெட்டி போய்ச் சேர்கின்றனவா, கம்பிக்கு அடியில் கவர் கட்டைகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடு. பின்னால் மேல்தளத்தில் துளை போடும்போது அந்தப் படங்கள்தான் உதவும். என் வீட்டில் கூடத்தின் இரண்டாவது பெட்டி விட்டுப்போனது. இன்றும் அந்த மூலையில் மேசை விசிறிதான் சுற்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். ஒப்பந்தக்காரரையும் வரச் சொல். பணம் கொடுக்கும் வரிசையும் விலை ஏற்றத்துக்கான வரியும் மட்டும்தான் பேச்சு. மற்றவை எல்லாம் அவர் ஏற்றுக்கொண்டவை.

அக்கா