வீட்ட காலி செஞ்சு தரச் சொல்லி கேட்டு எழுதுற கடிதம்

ரங்கூன், தாமுவே
10 பிப்ரவரி 2026

அன்புள்ள குமார் தம்பிக்கும் தங்கச்சிக்கும்,

நல்லா இருக்கீங்களா, புள்ளைங்க நல்லா இருக்காங்களா. போன வாரம் மோட்டர் பாக்க வர்ற மாதிரி வந்தேன்ல, உண்மைல அன்னிக்கு இந்த விஷயத்தச் சொல்லத்தான் வந்தேன், தங்கச்சி காபி போட்டுக் குடுத்துச்சு, சின்னவன் மடியில வந்து உக்காந்துட்டான், எனக்கு வாய் வரல தம்பி. அதனாலதான் எழுதுறேன்.

நீங்க இருக்குற கீழ் வீடு எனக்கு வேணும், என் மக குடும்பத்துக்கு. மே மாசக் கடைசிக்குள்ள காலி செஞ்சு குடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

மகள உங்களுக்குத் தெரியும், மாண்டலேல கட்டிக் குடுத்தது. போன வருஷம் மார்ச் 28 நில நடுக்கத்துல அவங்க வீட்டு சுவரெல்லாம் பொளந்துருச்சு, பின் பக்கம் சமையக்கட்டு அப்படியே இறங்கிருச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம், புள்ளைங்க வெளிய நின்னதால உசுரு தப்பிச்சதுங்க. அதுக்கப்புறம் ரொம்ப நாள் ரோட்டோரமா தார்பாய் கட்டிப் படுத்தாங்க, அப்புறம் மச்சினர் வீட்டுல ஒரு ரூம்ல ஆறு பேர், இன்னும் அப்படித்தான் இருக்காங்க. வீட்டத் திருப்பிக் கட்ட கையில காசு இல்ல. இப்ப மாப்பிள்ளைக்கு ரங்கூன்ல கணக்கு வேலை ஒண்ணு கெடச்சிருக்கு, ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது பேத்திங்கள இங்கயே சேத்துடணும்னு முடிவு.

மேல என் வீடு இருக்கேன்னு நீங்க நெனைக்கலாம். அஞ்சாவது மாடி, லிப்ட் கெடையாது, நானும் உங்க அக்காவும் இருக்கவே ரெண்டு ரூம்தான். மகளோட மாமியாருக்கு முட்டி போயிருச்சு, குச்சி ஊனித்தான் நடக்குறாங்க, அவங்கள அந்தப் படி ஏறச் சொல்ல முடியாது, கரண்ட் இல்லாத ராத்திரில இருட்டுல அந்தப் படிய நெனச்சுப் பாருங்க. கீழ் வீடு ஒண்ணுதான் அவங்களுக்கு சரியா வரும்.

இன்னொண்ணு மனசுல வெச்சுக்காம கேளுங்க. வாடகை ஏத்தறதுக்காக மகள சாக்கு சொல்லி காலி பண்ண வெச்சு அப்புறம் வேற ஆளுக்கு விடுற வீட்டுக்காரங்க ஊர்ல இருக்காங்க, எனக்குத் தெரியும். நான் அப்படி செய்ய மாட்டேன். ஜூன் மாசம் நீங்களே வந்து பாருங்க, என் பேத்திங்கதான் அந்த வாசல்ல வெளயாடும். ஆறு வருஷத்துல ஒரு தடவகூட வாடகைக்கு நான் ஆள் அனுப்பினது இல்ல, கொரோனா நேரத்துலயும் முன்பணம் சரியா குடுத்தீங்க, அத நான் மறக்கல.

கணக்கு இப்படி இருக்கு. டிசம்பர் 1-லருந்து மே 31 வரைக்கும் 6 மாசத்துக்கு 30 லட்சம் கியாட் மொத்தமா குடுத்துட்டீங்க, அதுவரைக்கும் வீடு உங்களுதுதான், அதுக்கு முன்னாடி போங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா முடிஞ்சா மே 15-க்குள்ள மாறிக்கிட்டா எனக்கு ரொம்ப உபகாரம், சுண்ணாம்பு அடிச்சு பாத்ரூம் பைப்ப மாத்திக்குவேன், மழையும் ஆரம்பிச்சிடும், நனஞ்சு நனஞ்சு சாமான் ஏத்துறது உங்களுக்கும் கஷ்டம். அப்படி போனா அரை மாச வாடகை 2.5 லட்சத்தத் திருப்பிக் குடுத்துருவேன். டெபாசிட் 5 லட்சம் சாவி வாங்குற அன்னிக்கே கையில, மீட்டர் பில் மட்டும் அன்னி வரைக்கும் கட்டிருங்க. சமையக்கட்டுல நீங்க போட்ட பலகை அலமாரிய எடுத்துட்டுப் போறதா இருந்தா போங்க, இல்ல அங்கயே விடுறதா இருந்தா அதுக்கு என்ன காசுன்னு சொல்லுங்க, குடுக்குறேன்.

புது வீடு தேட புரோக்கருக்கு ஒரு மாச வாடகை போயிரும், அதுல பாதி நான் ஏத்துக்கிறேன். தேடுறத இப்பவே ஆரம்பிச்சிடுங்க தம்பி, ஏப்ரல்ல தண்ணி திருவிழா வந்துட்டா பத்து நாளைக்கு ஒரு புரோக்கரும் போன் எடுக்க மாட்டான். நானும் கோயில் பக்கம் சொல்லி வெச்சிருக்கேன், புள்ளைங்க ஸ்கூல் மாறாம இந்த வார்டுலயே கெடச்சா நல்லது. வார்டு ஆபீஸ்ல பேர் மாத்துறதுக்கு நான் கூட வர்றேன், அங்க எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

உங்க மனசு வருத்தப்படும்னு தெரியும், தங்கச்சி வெச்ச முருங்க இப்பத்தான் காய்க்குது. ஆனா மக ராத்திரி போன் பண்ணி அழுவுறப்ப கேட்டுட்டு சும்மா இருக்க முடியல தம்பி.

இந்த மாசக் கடைசிக்குள்ள எந்தத் தேதி தோதுப்படும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மாப்பிள்ளை பஸ்ஸுக்கும் சாமான் லாரிக்கும் அத வெச்சுதான் ஏற்பாடு பண்ணணும். மேல வந்து பேசுறதா இருந்தாலும் சரி, சாயந்தரம் வீட்டுலதான் இருப்பேன்.

இப்படிக்கு,
சுப்பையா
(மேல் வீட்டு அண்ணன்)