இனிப்பு, காரக் கடைக்கான தொனிக் கையேடு: அடைச்சொற்களின் ஏற்றமும் இறக்கமும்

பாளையங்கோட்டைக் கடை, டவுன் ரத வீதிக் கிளை இரண்டிலும் பாக்கெட் லேபிள் எழுதுவோர், பலகை எழுதுவோர், இன்ஸ்டாகிராம் பதிவு போடுவோர், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வோர் ஆகியோருக்கான கையேடு இது. அல்வா, மஸ்கோத், கருப்பட்டி, முறுக்கு, மிக்சர், கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று நாம் விற்கும் எல்லாப் பண்டத்துக்கும் பொருந்தும். நம் எழுத்து எப்படி ஒலிக்க வேண்டும் என்பது ஒரே வரிதான்: கல்லாவில் நிற்கும் விவரம் தெரிந்த அண்ணாச்சி, கேட்டதற்கு மரியாதையாகவும் சுருக்கமாகவும் பதில் சொல்வதுபோல.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் அடைச்சொல். பெயரும் வினையும் பண்டத்தைச் சொல்லும். அடை நம் மனதைக் காட்டிவிடும்.

மூன்று தட்டு

ஒவ்வொரு அடையையும் மூன்றில் ஒன்றில் வைக்கிறோம். கேட்டதும் விருப்பம் தருவது ஏற்றச் சொல்: குழைவான, மணக்கும், மொறுமொறு, தெவிட்டாத. தகவல் மட்டும் தருவது சமச் சொல்: வறுத்த, தேங்காய்ப்பாலில் கிண்டிய, கால் கிலோ, காரமான, காலையில் போட்ட. கேட்டதும் முகம் சுளிக்க வைப்பது இறக்கச் சொல்: கொழகொழ, நமுத்த, காறல் அடிக்கும், திகட்டும்.

தமிழில் அடை என்றால் ‘ஆன’, ‘உள்ள’ என்று முடிவது மட்டுமில்லை. ஊறிய, சுட்ட, சொட்டும் போன்ற பெயரெச்சமும் நம் கணக்கில் அடைதான். பண்டம் விற்கும் எழுத்தில் பாதிக்கு மேல் அவைதான் வரும். அவற்றை விட்டுவிட்டுப் பிரித்தால் கையேடு பயன்படாது.

பிரிக்கும் முறை: பழைய லேபிள், பலகை, வாட்ஸ்அப் உரையாடல், கவுன்டரில் வாடிக்கையாளர் வாயில் வரும் சொல் ஆகிய நான்கிலிருந்தும் அடைகளை எடுத்து, ஒரு துண்டுச் சீட்டுக்கு ஒன்றாக எழுத வேண்டும். அடையைத் தனியாக எழுதக் கூடாது. கூடவே பெயர்ச்சொல்லும் வேண்டும். ‘இளகிய’ என்று எழுதாமல் ‘இளகிய அல்வா’ என்று எழுத வேண்டும். சீட்டை மூன்று பேர் தனித்தனியே தட்டில் போட வேண்டும்: கவுன்டரில் நிற்பவர் ஒருவர், அடுப்படியில் இருப்பவர் ஒருவர், திருநெல்வேலிச் சீமைக்கு வெளியே வளர்ந்தவர் ஒருவர். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. மூவரும் ஒத்தால் அப்படியே. இருவர் ஏற்றம், ஒருவர் சமம் என்றால் ஏற்றத்தில் வைத்து, சீட்டில் ஒரு புள்ளி இட வேண்டும். ஒருவராவது இறக்கத்தில் போட்டால் அந்தச் சேர்க்கையை விளம்பரத்தில் எடுக்கவே கூடாது, மற்ற இருவர் என்ன சொன்னாலும். பாக்கெட்டை வாங்கி வாசிப்பவர் நம்மிடம் விளக்கம் கேட்க வர மாட்டார்.

மூன்றாமவர் வெளியூராராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அல்வாவுக்குக் கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பால் எடுத்து, இரவெல்லாம் வைத்திருப்பது அடுப்படியாருக்கு அன்றாட வேலை. ‘புளித்த கோதுமைப் பால்’ என்ற சீட்டை அவர் கண்ணை மூடிக்கொண்டு சமத்தில் போடுவார். சென்னைக்காரர் அதைக் கெட்டுப்போனது என்றே படிப்பார். ‘இரவு முழுதும் தெளிய வைத்த கோதுமைப் பால்’ என்றால் இருவருக்கும் சரி.

பெயர் மாறினால் தட்டு மாறும்

இந்தக் கையேட்டில் மனதில் நிற்க வேண்டிய பகுதி இது. அடைக்குத் தனியாக ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒட்டிக்கொள்ளும் பெயர்தான் முடிவு செய்கிறது.

இளகிய அல்வா ஏற்றம். இளகிய கருப்பட்டி இறக்கம். மழைக் காலத்தில் ஈரம் இழுத்து இளகும் கருப்பட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். அப்படியே திருப்பினால், கெட்டியான கருப்பட்டி ஏற்றம்; கெட்டியான அல்வா இறக்கம்.

நெய் சொட்டும் அல்வா ஏற்றம். எண்ணெய் சொட்டும் முறுக்கு இறக்கம். முறுக்குக்கு ‘எண்ணெய் வடித்த’ என்பது சமம்.

பழைய கருப்பட்டியைக் கேட்டு வாங்குவோர் உண்டு, பழைய வாடிக்கையாளர் என்பது மரியாதை. பழைய மிக்சர் என்றால் கடைப் பேர் கெட்டது.

முற்றிய தேங்காய் மஸ்கோத்துக்குப் பால் தரும், சமம். அதே அடையை வெண்டைக்காய்க்குப் போட்டால் இறக்கம். மல்லிகை பூத்தால் அழகு, கருப்பட்டி பூத்தால் பூசணம்.

நிறத்தைப் பற்றிய அடைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ‘பழுப்பான அல்வா’ என்றால் நாள்பட்டது என்று தோன்றும். சீனியைக் காய்ச்சிச் சேர்ப்பதால் வருவது அந்த நிறம்; ஆகவே ‘செம்பழுப்பு நிற’ என்று எழுத வேண்டும். ‘பளிச்சென்ற’ என்ற சொல் கேட்க ஏற்றம்போலத் தோன்றும். ஆனால் பண்டத்தின் நிறத்துக்குப் போட்டால் சாயம் கலந்ததோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். அதனால் அதை இறக்கத்தில் வைத்திருக்கிறோம். கடைப் பலகைக்கும் விளக்குக்கும் தடையில்லை.

வாசம் பற்றி: ‘நெய் மணக்கும்’ ஏற்றம், ‘நெய் வாசனையுள்ள’ சமம், ‘நெய் வாடையடிக்கும்’ இறக்கம். மூன்றும் ஒரே அல்வாவைத்தான் சொல்கின்றன.

விலையில் ‘மலிவான’ என்பதைப் பண்டத்தோடு ஒட்டவே கூடாது. மலிவான அல்வா என்றால் தரம் குறைந்த அல்வா. ‘நயமான விலை’ என்றால் ஏற்றம். அதைவிட விலையையே எழுதுவது நல்லது. வாசிப்பவர் தானே முடிவு செய்துகொள்வார்.

‘போன’ என்னும் வால்

எந்தச் சமச் சொல்லோடும் ‘போன’ சேர்ந்தால் அது இறங்கிவிடும். ஊறிய, ஊறிப்போன. இறுகிய, இறுகிப்போன. உருகிய, உருகிப்போன. பேச்சில் தன்னையறியாமல் வரும் வால் இது. வாட்ஸ்அப் பதிலில்தான் அதிகம் நுழைகிறது. அனுப்பும் முன் ஒருமுறை இதற்காகவே வாசிக்க வேண்டும். ‘கொஞ்சம்’ போட்டாலும் தப்பாது: ‘கொஞ்சம் இறுகிப்போன’ என்பதில் இறக்கம் அப்படியே இருக்கிறது.

மொறுமொறு, கமகம, சுடச்சுட போன்ற இரட்டைச் சொற்கள் ஏற்றம் மிகுந்தவை. ஒரு பதிவுக்கு ஒன்று போதும். இரண்டு சேர்ந்தால் பஸ் ஸ்டாண்ட் கூவல் போலாகிவிடும்.

அளவு

பாக்கெட்டில் ஒரு பண்டத்துக்கு ஏற்றச் சொல் ஒன்று, சமச் சொல் எத்தனையும். பதிவில் ஏற்றச் சொல் அதிகபட்சம் இரண்டு, அவையும் வேறு வேறு வரியில். ஏற்றச் சொல்லைப் பக்கத்தில் வரும் சமச் சொல் தாங்க வேண்டும். அந்தத் துணை இல்லாத ஏற்றச் சொல்லை அடித்துவிட வேண்டும்.

மாற்ற வேண்டியது: ‘அருமையான, சுவையான, உலகப் புகழ்பெற்ற மஸ்கோத் அல்வா!’

மாற்றியது: ‘மஸ்கோத் அல்வா. தேங்காய்ப்பாலும் சீனியும் மைதாவும் சேர்த்துக் கிண்டியது. வாயில் வழுக்கும் குழைவு. கால் கிலோ, அரை கிலோ பாக்கெட்.’

அருமையான, சுவையான, சூப்பரான, ஸ்பெஷல் ஆகிய நான்கும் ஏற்றத் தட்டில்தான் விழுகின்றன. ஆனாலும் எடுத்துவிட்டோம். எந்தக் கடையும் எந்தப் பண்டத்துக்கும் போடுகிற சொல் நம் பண்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ‘தாமிரபரணித் தண்ணீரில் செய்தது’ என்பது சமம். ஆற்றுக் குடிநீரில் செய்யும் பண்டத்துக்கு அப்படி எழுதலாம். ‘அமுதமான தாமிரபரணி’ வேண்டாம்.

ஏற்றமானாலும் சட்டம் மறிக்கும் சொற்கள்

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகள் சில அடைகளுக்கு நிபந்தனை போட்டிருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள கட்டுப்பாட்டை அதன் தமிழ்ச் சொல்லுக்கும் அப்படியே வைத்துக்கொள்வது நம் கடை வழக்கம்.

ஃபிரெஷ், புத்தம் புதிய: கழுவுதல், உரித்தல், குளிரவைத்தல், நறுக்குதல் போன்றவற்றுக்கு மேல் பதப்படுத்தாத பண்டத்துக்குத்தான். கிண்டிய அல்வாவுக்கும் பொரித்த முறுக்குக்கும் போடக் கூடாது. ‘இன்று காலை கிண்டியது’ என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால்.

ப்யூர், தூய, சுத்தமான: வேறெதுவும் சேராத ஒற்றைப் பொருளுக்குத்தான். பல பொருள் சேர்ந்த அல்வாவைத் ‘தூய அல்வா’ என்று எழுதக் கூடாது.

பாரம்பரிய: செய்முறை தலைமுறைகளாக மாறாமல் வந்ததை நிரூபிக்க முடிந்தால் மட்டும். கைவசம் ஆதாரம் இல்லாத பண்டத்துக்கு வேண்டாம். அசல், ஒரிஜினல் இரண்டுக்கும் இதே கவனம்.

ஹோம்மேட், வீட்டில் செய்த: அறவே கூடாது. நம்முடையது பட்டறை.

கருப்பட்டிக்கு நோய் பற்றிய எந்த அடையும் வேண்டாம். ‘சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற’ என்பது பொய்யும்கூட, கருப்பட்டியும் சர்க்கரைதான். ‘கோவில்பட்டி’ என்ற ஊரடையைக் கடலை மிட்டாய்க்கு எழுத, சரக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும்; 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது.

வாடிக்கையாளருக்குப் பதில்

ஆண்களுக்கு அண்ணாச்சி, பெண்களுக்கு அக்கா அல்லது அம்மா. யாரென்று தெரியாவிட்டால் வணக்கத்தோடு நிறுத்தி, ‘நீங்கள்’ என்று தொடர வேண்டும். ‘ஏலே’, ‘வே’ இரண்டையும் நெல்லை மணம் என்று சொல்லிப் பதிவில் சேர்ப்பது நம் வழக்கமில்லை. சேக்காளிக்குள் பேசுவது அது. காசு கொடுத்து வாங்குகிறவரிடம் பேசுவதில்லை.

அவர் இறக்கச் சொல்லால் குறை சொன்னால் அந்தச் சொல்லை நாம் திருப்பிச் சொல்லக் கூடாது. ஏற்றச் சொல்லால் மறுக்கவும் கூடாது. சமச் சொல்லில் காரணத்தையும் செய்ய வேண்டியதையும் சொல்ல வேண்டும்.

அவர்: ‘போன வாரம் வாங்கின அல்வா கல்லு மாதிரி இறுகிப்போச்சு.’

தவறு: ‘எங்கள் அல்வா எப்போதும் மென்மையானது அக்கா.’

சரி: ‘வணக்கம் அக்கா. குளிரில் அல்வாவில் உள்ள நெய் உறைந்துவிடும். பாக்கெட்டைப் பிரித்து அல்வாவை ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஐந்து நிமிடம் வையுங்கள், இளகிவிடும். அப்படியும் சரியாகாவிட்டால் பாக்கெட் தேதி தெரியும்படி படம் அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.’

காறல், ஊசல், பூசணம் என்று யாராவது எழுதினால் இந்த முறையெல்லாம் வேண்டாம். தொனி பார்க்கும் இடமில்லை அது. பாக்கெட் தேதியைக் கேட்டு வாங்கி உடனே மேலாளரிடம் சொல்ல வேண்டும். அந்தத் தேதிச் சரக்கை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும்.

புதுச் சொல் சேர்க்க

புதுப் பண்டம் வரும்போதும், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இரண்டு மாதம் முன்பும் சீட்டுப் பிரிப்பு நடக்கும். புள்ளி இட்ட சீட்டுகளை அப்போது மறுபடி மூவரிடம் கொடுக்க வேண்டும். முன்பு பிரித்தவர்களிடம் கொடுக்கக் கூடாது. லேபிள் அச்சுக்குப் போகும் முன் எல்லா அடையையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் ஏ, ச, இ என்று குறிக்க வேண்டும். ‘இ’ ஒன்று இருந்தாலும், ‘ச’வைவிட ‘ஏ’ அதிகமாக இருந்தாலும் அச்சுக்குக் கொடுக்காமல் திருப்பி எழுத வேண்டும்.